சுழற்சி எத்தனை என்று கேட்காதீர்கள்

பேட்டரி நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் ஷிப்ட் பார்க்கும் இளம் பொறியாளர்களுக்கு,

போன மாதம் ஆன்லைன் வகுப்பு ஒன்றில், வெளிநாட்டு நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கடைசி நிமிடத்தில் ஒரு கேள்வி கேட்டார். "சார், எங்க ஸ்க்ரீன்ல சுழற்சி 2,900-ன்னு காட்டுது. ஸ்டேஷன் ஓட ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆச்சு. கம்பெனி 4,000 சுழற்சிக்குத்தான் கணக்கு சொல்லியிருக்கான். அப்போ இன்னும் நாலரை மாசத்துல பேட்டரி செத்துடுமா?"

"சாகாது" என்றேன். நேரம் முடிந்துவிட்டது, எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். ஒற்றைச் சொல்லில் விட்டுவிட்டு வந்தது அன்று இரவு முழுக்க உறுத்தியது. சாகாது என்பது உண்மைதான். ஆனால் எதனால் சாகாது, பின்னே எதனால் சாகும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பதிலால் யாருக்கும் பயனில்லை. அவர் கேட்டதை உங்களில் பலரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நீங்கள் காவல் காக்கும் பேட்டரி பகலில் சூரிய மின்சாரத்தை வாங்கி மாலையில் கொடுக்கும் பேட்டரி அல்ல. அதன் வேலை மின்தொகுப்பின் அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்துவது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. எங்கோ ஓர் ஆலை மோட்டாரைப் போடுகிறது, எங்கோ காற்று விழுகிறது, அதிர்வெண் ஒரு நூல் இறங்குகிறது. உடனே உங்கள் இன்வெர்ட்டர் கொஞ்சம் மின்சாரத்தைத் தள்ளுகிறது. அடுத்த நிமிடம் ஏறுகிறது, கொஞ்சம் உள்ளே இழுக்கிறது. சார்ஜ் அளவு 50 சதவீதத்தில் தொடங்கி 51, 49, 50, 52 என்று நாள் முழுக்க ஊசலாடுகிறது. இப்படி ஒரு நாளைக்கு நானூறு ஊசல் சர்வசாதாரணம். ஸ்க்ரீனில் இருக்கும் எண்ணியோ ஒவ்வொரு ஊசலிலும் வெளியே போன மின்சாரத்தைக் கூட்டி, பேட்டரியின் முழுக் கொள்ளளவால் வகுத்து, "இத்தனை முழுச் சுழற்சி" என்று காட்டுகிறது. இரண்டு சதவீத ஊசல் நானூறு என்றால் எட்டு முழுச் சுழற்சி. வருடத்துக்கு 2,900 வந்த வழி இதுதான்.

கூட்டல் சரி. ஆனால் அப்படிக் கூட்டலாமா என்பதுதான் கேள்வி.

ஒரு கட்டுக்கம்பியை எடுத்து 90 பாகை வளைத்து வளைத்து நிமிர்த்துங்கள், பத்திருபது தடவையில் ஒடிந்துவிடும். அதே கம்பியை இரண்டு பாகை மட்டும் அசைத்துக்கொண்டிருங்கள், நாள் முழுக்க ஆட்டினாலும் ஒன்றும் ஆகாது. மொத்தம் எத்தனை பாகை வளைத்தோம் என்று கூட்டினால் இரண்டும் ஒன்றாகத் தெரியலாம், கம்பிக்கு ஒன்றல்ல. செல்லுக்குள்ளும் கிட்டத்தட்ட இதே கதைதான். லித்தியம் உள்ளே புகும்போது எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட் உப்புகிறது, முழுதாக நிரம்பினால் பத்து சதவீதம் அளவுக்கு. அதன் மேல் ஒரு மெல்லிய படலம் படர்ந்திருக்கும். கிராஃபைட்டுக்கும் மின்பகு திரவத்துக்கும் நடுவில் நின்று காக்கும் தோல் அது. உப்பலும் சுருங்கலும் பெரிதாக இருந்தால் தோல் கீறுகிறது. கீறிய இடத்தில் புதுத் தோல் வளர லித்தியம் செலவாகிறது, செலவான லித்தியம் திரும்ப வராது. இரண்டு சதவீத ஊசலில் உப்பல் மிகமிகக் குறைவு, தோல் அதைத் தாங்கிக்கொள்கிறது.

ஆகவே ஊசல்களை எண்ணினால் போதாது, ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் என்று பிரித்து எண்ண வேண்டும். இதற்கு உலோகக் களைப்பைப் படித்தவர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். 1968-இல் மட்சுயிஷி, எண்டோ என்ற இரண்டு ஜப்பானியர்கள் சொன்ன முறை அது, பெயர் ரெயின்ஃப்ளோ. வரைபடத்தைக் குத்தவாட்டில் திருப்பினால் ஏற்ற இறக்கங்கள் அடுக்குக் கூரைபோலத் தெரியும், மழைநீர் ஒவ்வொரு கூரையிலும் வழிந்து எங்கே விழுகிறது என்று பார்த்தால் எந்த ஏற்றமும் எந்த இறக்கமும் ஜோடி என்று தெரிந்துவிடும். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மழை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இதன் அருமை எதில் என்றால், சின்ன ஊசல்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பெரிய அலையை இது தனியே எடுத்துக் காட்டிவிடும்.

அந்தப் பெரிய அலைதான் இந்தக் கடிதத்தின் மையம். அது என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு காட்டிக்கொடுத்தது.

பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து என்று தொடங்கி இல்லினாய் வரைக்கும் நீளும் மின்தொகுப்பை நடத்துவது பிஜேஎம். 2011 அக்டோபரில் அந்நாட்டின் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தன் 755-ஆம் உத்தரவில், அதிர்வெண் சேவையில் வேகமாகவும் துல்லியமாகவும் நடப்பவருக்கு அதற்கேற்ற கூலி கொடுக்கச் சொன்னது. அதையொட்டி 2012-இல் பிஜேஎம் கட்டளைச் சமிக்ஞையை இரண்டாகப் பிரித்தது. மெதுவாக நகரும் அனல், நீர் நிலையங்களுக்கு ரெக்-ஏ. வேகமானவற்றுக்கு ரெக்-டி. இரண்டு விநாடிக்கு ஒருமுறை புதுக் கட்டளை வந்தது. பேட்டரிக்காரர்களுக்கு ரெக்-டி-யில் இருந்த பெரிய ஆறுதல், அதைக் கால் மணி நேரத்துக்குள் கூட்டிக் கழித்தால் சுழியத்துக்குத் திரும்பும்படி அமைத்திருந்ததுதான். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதை நம்பித்தான் கால் மணி, அரை மணி நேரத்துக்கு மட்டுமே தாங்கும் பேட்டரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேற்கு வர்ஜீனியாவில் லாரல் மவுண்டன் மலைமேல் காற்றாலைகளுக்குப் பக்கத்தில் அதற்கு முன்பே, 2011-இல் வந்திருந்த நிலையமும் அப்படித்தான்: 32 மெகாவாட், ஆனால் 8 மெகாவாட்-மணிதான். முழுவேகத்தில் ஓடினால் பதினைந்து நிமிடத்தில் காலி.

பிஜேஎம்-முக்கு வேறு தலைவலி இருந்தது. மின்சாரம் வெகுநேரம் தட்டுப்பாடாக இருக்கும் சமயங்களில், சுழியத்துக்குத் திரும்பியாக வேண்டுமே என்பதற்காக ரெக்-டி பேட்டரிகளைச் சார்ஜ் செய்யச் சொல்லும். ஊரே தண்ணீருக்கு நிற்கும்போது நம் தொட்டியை நிரப்பிக்கொள்வது போல. இதைத் தாங்க முடியாமல் 2017 ஜனவரியில் சமிக்ஞையை மாற்றினார்கள். சுழியத்துக்குத் திரும்பும் காலம் 30 நிமிடம் ஆனது, அதுவும் மெதுவான நிலையங்களிடம் கைவசம் இடம் இருந்தால் மட்டும். மின்தொகுப்பின் கண்ணில் பார்த்தால் இது நியாயமான மாற்றம் என்றே நான் நினைக்கிறேன். பேட்டரியின் கண்ணில் அது வேறொரு வேலை. ஏப்ரலில் பேட்டரி நிறுவனங்களும் அவர்களின் சங்கமும் ஆணையத்தில் முறையிட்டன. இந்தச் சமிக்ஞை எங்கள் பேட்டரிகளை வடிவமைப்புக்கு வெளியே ஓட வைக்கிறது, ஆயுளைக் குறைக்கிறது என்பது அவர்கள் வாதம்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது மிகைபோலத் தெரிந்தது. ஊசல்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லையே, மொத்த மின்சாரமும் கொஞ்சம்தானே கூடியிருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் நான் கணக்கின் போக்கைக் காட்ட எடுத்தவை, எந்த நிலையத்தின் அளவீடும் அல்ல.

முழுதாக ஏற்றி முழுதாக இறக்கினால் 4,000 சுழற்சி தாங்கும் செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆழம் குறையக் குறைய, ஒரு சுழற்சியால் வரும் தேய்மானம் ஆழத்தின் ஒன்றரைப் படியில் குறைகிறது என்று வைப்போம். இந்த ஒன்றரைக்குப் பிறகு வருகிறேன். ஒரு முழுச் சுழற்சியின் தேய்மானம் 1 என்றால், இரண்டு சதவீத ஊசல் ஒன்றின் தேய்மானம் 0.0028. நாளைக்கு நானூறு ஊசலுக்கு 1.13. நாலாயிரத்தை இதனால் வகுத்தால் 3,535 நாள், ஒன்பதரை வருடத்துக்கு மேல். ஸ்க்ரீன் எண்ணி சொன்னதோ நாளைக்கு எட்டு வீதம் 500 நாள். தம்பியின் கேள்விக்கு "சாகாது" என்று நான் சொன்னதற்கு ஆதாரம் இந்த வித்தியாசம்தான்.

இப்போது சமிக்ஞை மாறுகிறது. நானூறு ஊசலும் அப்படியே இருக்கட்டும். அதோடு, சுழியத்துக்குத் திரும்பத் தாமதமாவதால் சார்ஜ் அளவு நாளைக்கு மூன்று தடவை 80-லிருந்து 20-க்குப் போய் வருகிறது என்போம். மூன்று அலை, ஒவ்வொன்றும் 60 சதவீத ஆழம். மொத்த மின்சாரக் கணக்கில் இது வெறும் 1.8 சுழற்சி. எட்டு 9.8 ஆகிறது, 22 சதவீத உயர்வு. ஆனால் தேய்மானக் கணக்கில் 60 சதவீத அலை ஒன்றின் மதிப்பு 0.46. சின்ன ஊசல் 164-க்குச் சமம். மூன்று அலைக்கு 1.39 சேர்ந்து நாள் தேய்மானம் 2.53 ஆகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். ஆயுள் 1,580 நாளுக்கு இறங்கிவிடுகிறது. ஒன்பதரை வருடம் நாலேகால் வருடம் ஆகிவிட்டது, ஸ்க்ரீனில் எண்ணியோ முன்பைவிடக் கொஞ்சம்தான் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி அந்த ஒன்றரைக்கு வருகிறேன். அது எங்கிருந்து வருகிறது? செல் தயாரிப்பாளர் ஆய்வுக்கூடத்தில் பல ஆழங்களில் ஓட்டிப் பார்த்துக் கோடு போட்டுக் கொடுப்பது. எந்த ஆழங்களில் ஓட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 100, 80, 50, தாராள மனசுக்காரராக இருந்தால் 20. இரண்டு சதவீதத்தில் யார் ஓட்டிக் காட்டுகிறார்கள்? பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசல்களை ஓட்டி முடிக்க ஆய்வுக்கூடத்துக்குப் பொறுமையும் இல்லை, காலமும் இல்லை. ஆக நம் பேட்டரி வாழ்கிற இடத்தில் அந்தக் கோட்டில் ஒரு புள்ளிகூட இல்லை, கோட்டை இழுத்து நீட்டியிருக்கிறார்கள். நீட்டும்போது ஒன்றரைக்குப் பதில் 1.2 என்று வந்தால், அதே நானூறு ஊசலுக்கு ஆயுள் 3,535 நாள் அல்ல, சுமார் 1,090 நாள். ஒப்பந்தத்தில் ஆயுள் பத்து வருடம் என்று எழுதியிருக்கும், அந்தப் பத்து வருடம் ஒரு படிக்குறியின் தசமத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். வேதியியலுக்கு வேதியியல் இந்தப் படி மாறும். நிக்கல் வகைச் செல்கள் ஆழத்துக்கு வெகுவாகக் கூச்சப்படுபவை. இரும்பு பாஸ்பேட் வகைக்கு அந்தக் கூச்சம் குறைவு, அதாவது ஆழமாக ஓட்டினாலும் அவ்வளவாகக் கெடாது, ஆழம் குறைத்தாலும் அவ்வளவாக லாபமில்லை. இதைத் தெரியாமல் நிக்கல் செல்லின் கோட்டை இரும்பு பாஸ்பேட்டுக்குப் போட்டு ஆயுள் கணக்குக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊசல்களின் கதை இவ்வளவுதான். ஆழமில்லாத ஊசல் பேட்டரியைக் கொல்லாது என்றால் வேறு எது கொல்கிறது? சும்மா இருப்பதும் சூடும். அந்தத் தோல், ஊசலே இல்லாவிட்டாலும் நாள்பட நாள்பட மெல்லத் தடித்துக்கொண்டே போகும். சார்ஜ் அளவு மேலே இருந்தால் வேகமாகத் தடிக்கும். இந்த விஷயத்தில் உங்கள் பேட்டரி கொடுத்துவைத்தது. மாலைக்காக நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் பேட்டரியைவிட, ஐம்பதில் நிற்பது அதிக நாள் வாழும். சூட்டில்தான் கெடுதல். பத்து டிகிரி கூடினால் இந்த வகை முதுமை கிட்டத்தட்ட இரட்டிக்கும் என்பது நாங்கள் கையில் வைத்திருக்கும் விரல்கணக்கு.

வேகமான ஊசல் அந்தச் சூட்டைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவரும். செல்லுக்குள் எழும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்றது. நாள் முழுக்க ஒரே சீராக மூன்றில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் ஓடுவதும், பாதி நேரம் சும்மா இருந்து பாதி நேரம் மூன்றில் இரண்டு பங்கில் ஓடுவதும் மின்சாரக் கணக்கில் ஒன்று. சூட்டுக் கணக்கில் பின்னது இரண்டு மடங்கு. அதிர்வெண் சமிக்ஞை இரண்டாவது வகை. வெட்டி வெட்டி இழுக்கும். சராசரி மின்னோட்டத்தைப் பார்த்து ஏசி அளவு தேர்ந்தெடுத்த கன்டெய்னர்கள் முதல் கோடையிலேயே திணறுவது இதனால்தான்.

ஒரு கன்டெய்னருக்குள் நான் கையை வைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன். ஏசி காற்று முன்பக்கம் அடிக்கிறது. ஸ்க்ரீனில் எல்லா மாட்யூலும் 27, 28 டிகிரி. கோடிக்குப் போய் மேல் தட்டில் இருந்த மாட்யூலின் பக்கவாட்டைத் தொட்டால் கை உடனே வேறுபாட்டைச் சொல்கிறது. வெப்பமானியை ஒட்டிப் பார்த்தால் 37. அந்த மாட்யூலின் சென்சார் இரண்டும் காற்று படும் முன்முனையில் இருந்தன, நடுவில் இருந்த செல்களை யாரும் அளக்கவே இல்லை. பத்து டிகிரி என்றால் அந்தச் செல்கள் இரண்டு வருடத்தில் நான்கு வருட முதுமையை அடையும். தொடர் இணைப்பில் இருக்கும் ரேக்கில் மிகக் கிழமான செல் எதுவோ அதுதான் மொத்த ரேக்கின் வயது.

இந்த முதுமை முதலில் கொள்ளளவில் தெரியாது, தடையில் தெரியும். பத்து விநாடிக்கு 100 ஆம்பியர் இழுத்து மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். புதிதில் 40 மில்லிவோல்ட் விழுந்தது, இப்போது 56 விழுகிறது என்றால் தடை 40 சதவீதம் ஏறிவிட்டது. அதே வேலைக்கு இப்போது 40 சதவீதம் அதிகச் சூடு, அந்தச் சூடு தடையை இன்னும் ஏற்றும். இந்த நேரத்தில் கொள்ளளவுச் சோதனை வைத்தால் 94 சதவீதம் என்று வந்து எல்லோரையும் சந்தோஷப்படுத்தும். கேரண்டித் தாளில் 80 சதவீதக் கொள்ளளவு என்று மட்டும் எழுதியிருந்தால் உங்களால் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அதிர்வெண் வேலைக்கு முக்கியம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதல்ல, கேட்ட கணத்தில் முழு மெகாவாட்டையும் கொடுக்கிறதா என்பது. தடை ஏறிய செல் முழு மின்னோட்டத்தில் மின்னழுத்த எல்லையை முட்டும், பிஎம்எஸ் உடனே வேகத்தைக் குறைக்கும், சேவை மதிப்பெண் விழும். அதிர்வெண் பேட்டரிக்குச் சாவு பெரும்பாலும் இந்தப் பக்கமிருந்துதான் வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையான முதுமை. முதுமையே இல்லாமல் முதுமைபோல வேஷம் போடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இரும்பு பாஸ்பேட் நிலையங்களில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஒரு நிலையத்தில் நடந்தது. ஸ்க்ரீனில் சார்ஜ் 52 சதவீதம். முழுவேகத்தில் இழுத்தால் அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி என்பதால், 52-இல் பதினைந்து நிமிடமாவது ஓட வேண்டும். மின்தொகுப்பில் ஏதோ பெரிய இயந்திரம் விழுந்து, முழு மெகாவாட்டும் தொடர்ந்து கேட்டார்கள். எட்டாவது நிமிடம் ஒரு ரேக் செல் மின்னழுத்தம் குறைவு என்று சொல்லி விழுந்தது. அது விழுந்ததும் மற்ற ரேக்குகளின் மேல் பாரம் ஏற, அவையும் வரிசையாக விழுந்தன. மறுநாள் எல்லோரும் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். மாற்று மாட்யூலுக்கு விலைகூடக் கேட்டாயிற்று.

பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் விழுந்த ரேக்கில் உண்மையில் 27 சதவீதம்தான் இருந்தது. சார்ஜ் அளவு என்பது யாரும் நேரே அளக்கும் பொருளல்ல. உள்ளே போன ஆம்பியர், வெளியே வந்த ஆம்பியர் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பிஎம்எஸ் சொல்லும் கணக்கு அது. அந்த ரேக்கில் இருந்தவை 100 ஆம்பியர்-மணி செல்கள். மின்னோட்டச் சென்சாரில் 0.05 ஆம்பியர் பிசகு இருந்தது. 300 ஆம்பியர் அளக்கும் சென்சாரில் இது யாரும் குறைசொல்ல முடியாத துல்லியம். ஆனால் பிசகு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, அதாவது 1.2 சதவீதம். கடைசியாக முழுச் சார்ஜ் செய்து 21 நாள் ஆகியிருந்தது. 25 சதவீதம் காற்றில் போயிருந்தது.

மற்ற வகைச் செல்லாக இருந்தால் மின்னழுத்தத்தைப் பார்த்தே பிஎம்எஸ் தன் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கும். இரும்பு பாஸ்பேட்டின் மின்னழுத்தமோ நடுப்பகுதி முழுக்க 3.3 வோல்ட்டை ஒட்டி வயல்வெளி மாதிரித் தட்டையாகக் கிடக்கும். 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட ஒருசில மில்லிவோல்ட்தான், அளக்கும் கருவியின் பிழையே அவ்வளவு இருக்கும். உச்சிக்குப் போனால்தான் மின்னழுத்தம் எழும்பி, நாம் எங்கே இருக்கிறோம் என்று காட்டும். செல்களுக்கிடையே ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் சுற்றும் பெரும்பாலான பிஎம்எஸ்-களில் அந்த உச்சியில்தான் வேலை செய்யும். ஐம்பதிலேயே ஊசலாடும் பேட்டரிக்கு உச்சி எப்போது வரும்? நாம் கொண்டுபோனால்தான் வரும். அதிர்வெண் பேட்டரிக்கு எந்த ஓய்வு நல்லதோ, அதே ஓய்வு அதன் கணக்கைக் குருடாக்குகிறது.

அந்த நிலையத்தில் பிறகு செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். பேட்டரியைச் சேவையிலிருந்து எடுத்து, மெதுவாக உச்சி வரை நிரப்பி, சமன்செய்யச் சில மணி நேரம் விட்டு, பின்பு கொள்ளளவைச் சோதித்தார்கள். முதல் சோதனையில் 91 வந்தது. கை நடுங்க வேண்டாம் என்றேன். வெகுநாள் ஆழமில்லாத ஊசலில் கிடந்த செல்லுக்குள் லித்தியம் சீராகப் பரவியிருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். தட்டையான மின்னழுத்தம் உள்ள செல்லில் அதைப் பரவலாக்கும் விசையும் குறைவு. மெதுவாக இரண்டு முழுச் சுழற்சி ஓட்டி, மூன்றாவதில் வருவதைத்தான் எழுத வேண்டும். மூன்றாவதில் 95 வந்தது. நான்கு சதவீதம் தொலையவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை ஒரே தடவை செய்துவிட்டுக் கேரண்டிச் சண்டைக்குப் போனவர்களும் உண்டு, சண்டையில் தோற்றவர்களும் உண்டு.

நம் ஊருக்கு வருகிறேன். புதுச்சேரியில் பவர்கிரிட் நிறுவனம் 2017-லேயே லித்தியம், ஈயம் இரண்டு வகைப் பேட்டரிகளையும் வைத்து அதிர்வெண் ஒழுங்குக்குச் சோதனை நிலையம் நடத்தியது. 2022-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த துணைச் சேவை விதிகள், இரண்டாம் நிலைச் சேவையில் பேட்டரிகளுக்கும் கதவைத் திறந்திருக்கின்றன. கட்டளை நான்கு விநாடிக்கு ஒருமுறை தில்லியிலிருந்து வரும். அந்த விதிப்படி சேவை தருபவர் 30 விநாடிக்குள் அசையத் தொடங்கி, 15 நிமிடத்தில் முழு அளவை எட்டி, அதற்குமேல் 30 நிமிடமாவது தாங்க வேண்டும். பிஜேஎம்-மின் பழைய ரெக்-டி போல இங்கே சுழியத்துக்குத் திரும்பும் வாக்குறுதி எதுவும் இல்லை. முழு அளவில் அரை மணி நேரம் தாங்கு என்பதே பெரிய அலைக்கான அழைப்பு. இன்னொரு பக்கம் நம் ஒப்பந்தங்கள் பலவற்றில் நாளைக்கு இரண்டு சுழற்சி என்று எழுதுகிறார்கள். மாலைக்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரிக்கு அந்த வார்த்தை பொருந்தும். அதே பேட்டரியை மீதி நேரத்தில் அதிர்வெண் வேலைக்கு விட்டால் இரண்டு சுழற்சி என்றால் என்ன? ஸ்க்ரீன் எண்ணிப்படி காலை ஆறு மணிக்கே அது முடிந்துபோகும். இல்லை, ஊசல்கள் கணக்கிலேயே வராது என்று ஒருவர் சொல்வார். இரண்டு பேரும் ஒரே தாளைக் காட்டிச் சண்டை போடுவார்கள்.

கையெழுத்துப் போடும் இடத்தில் நீங்கள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் பதிவேடு உங்கள் கையில் இருக்கிறது. அதனால் கேட்கிறேன். இந்த வாரம் ஒரு நாளின் சார்ஜ் அளவை விநாடி வாரியாக எடுத்து ரெயின்ஃப்ளோவில் போட்டு, 20 சதவீதத்துக்கு மேற்பட்ட அலைகள் எத்தனை என்று மட்டும் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை உச்சிவரை சார்ஜ் செய்ய நேரம் கேளுங்கள், கொடுக்காவிட்டால் கேட்டதை எழுத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே சார்ஜ் அளவிலும் ஒரே வெப்பத்திலும் அந்தப் பத்து விநாடிச் சோதனையைச் செய்து, விழுந்த மில்லிவோல்ட்டைத் தேதியோடு குறியுங்கள். கன்டெய்னரின் கோடிக்குப் போய் மேல் தட்டு மாட்யூலைத் தொட்டுப் பாருங்கள்.

2,900 கேட்ட தம்பி, உங்கள் நிலையத்தின் சார்ஜ் பதிவு ஒரு வாரத்துக்கு இருந்தால் அனுப்புங்கள். அலைகளை எண்ணித் தருகிறேன்.

அன்புடன்,
பேட்டரிப் பதிவேடுகளைப் படித்தே கண் கெட்ட ஒரு மூத்த பொறியாளர்